ஸ்மார்ட்வாட்ச்சில் இதயத்துடிப்பு 0... அப்புறம் திடீரென்று 174: கோளாறு எங்கே, கண்டுபிடிப்பது எப்படி?

மதியம் மூன்று மணி மீட்டிங். பேசிக்கொண்டிருப்பது வேறு யாரோ, நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். சும்மா வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தால் இதயத்துடிப்பு 0. சில மாடல்களில் எண்ணே இருக்காது, வெறும் இரண்டு கோடு. அதே வாட்ச் மாலையில் நீங்கள் பூங்காவில் ஹாயாக நடந்துகொண்டிருக்கும்போது 174 என்று காட்டுகிறது. நெட்டில் தேட ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் உங்களுக்கு ஏதோ பெரிய இதய நோய் என்று நீங்களே முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

இரண்டுமே தப்பான எண்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே கோளாறு இல்லை. 0 காட்டும்போது வாட்ச்சுக்கு எதுவுமே தெரியவில்லை. 174 காட்டும்போது அது வேறு எதையோ பார்த்துவிட்டு அதை உங்கள் இதயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. முதலாவதை ஒரு ஈரத்துணியும் ஸ்ட்ராப்பில் இன்னொரு துளையும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். இரண்டாவது கொஞ்சம் தந்திரமானது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "ஸ்ட்ராப் லூசா இருக்கும்பா" என்று சொல்லியே பழகிவிட்டால், வாட்ச் உண்மையைச் சொல்லும் அந்த ஒரு நாளிலும் அதையேதான் சொல்வோம். அதனால் எந்த எண்ணை ஒதுக்கலாம், எதை ஒதுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம்.

பச்சை விளக்கு என்ன செய்கிறது?

வாட்ச்சைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜன்னல் ஒன்று இருக்கும். அதற்குள் பச்சையாக மின்னுபவை எல்இடி விளக்குகள். பக்கத்தில் கறுப்புச் சதுரமாகத் தெரிவது வெளிச்சத்தை அளக்கும் சென்சார், ஃபோட்டோடையோடு. விளக்கு தோலுக்குள் ஒளியை அனுப்புகிறது, சென்சார் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும்.

ரத்தம் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அது சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பச்சையை உறிஞ்சிக்கொள்வது. இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது, அந்த நொடியில் பச்சை ஒளி கூடுதலாக உறிஞ்சப்படுகிறது, திரும்பி வருவது குறைகிறது. அடுத்த துடிப்பு வரும்வரை மறுபடி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி தோல், திசு, எலும்பு என்று மாறாத விஷயங்களில் பட்டு வருவது. துடிப்போடு சேர்ந்து மாறுவது நூறில் ஏறக்குறைய ஒன்றிரண்டு பங்குதான். ஒரு கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்தில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்கிற மாதிரி. வாட்ச் தோலிலிருந்து அரை மில்லிமீட்டர் எழும்பினாலும், ஜன்னலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தாலும் அந்தக் கிசுகிசுப்பு காணாமல் போய்விடும்.

ஆக, ஒளி போய்வரும் பாதையில் மூன்று இடங்களில் தடை வரலாம்: ஜன்னல், தோல், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ட்ராப். இந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

முதலில் வாட்ச்சைக் கழற்றுங்கள்

ஸ்ட்ராப்பை இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதற்கு முன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இதயத்துடிப்பு ஸ்கிரீனைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கட்டியபடியே ஓரத்தை லேசாகத் தூக்கினால் பச்சை வெளிச்சம் கசிவது தெரியும். இருட்டான அறையாக இருந்தால் இன்னும் நல்லது. எரியவே இல்லையென்றால் ஜன்னலையும் ஸ்ட்ராப்பையும் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரி சேவர் ஆன் ஆகியிருக்கலாம், இதயத்துடிப்பு அளவீடு செட்டிங்ஸில் அணைந்திருக்கலாம், கையில் கட்டியிருப்பதை உணரும் வசதி ஆஃப் ஆகியிருக்கலாம். வாட்ச்சை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

விளக்கு எரிகிறதா? அப்படியென்றால் ஜன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். சாய்த்துப் பார்க்கும்போதுதான் வானவில் மாதிரி ஒரு எண்ணெய்ப் பளபளப்போ வெள்ளைத் திட்டோ கண்ணில் படும். பளபளப்பு என்றால் சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், தேங்காய் எண்ணெய். வெள்ளைத் திட்டு என்றால் காய்ந்த வியர்வையின் உப்பு, சில சமயம் டால்கம் பவுடரும் வியர்வையும் சேர்ந்த கலவை. கை கழுவும்போது ஓரத்தில் புகுந்த சோப்பும் இப்படித்தான் படியும்.

புது வாட்ச் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பெட்டியிலிருந்து வரும்போது ஜன்னல்மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரித்துவிட்டீர்களா? முன்பக்க ஸ்கிரீனில் இருப்பதை எல்லோரும் உரிப்பார்கள். பின்பக்கத்தில் இருப்பது கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒட்டியிருக்கும்.

துடைப்பது சுலபம். வாட்ச்சை அணைத்துவிட்டு, பஞ்சு பிரியாத மென்மையான துணியை வெறும் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடையுங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியே போதும். பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை. ஜன்னலைச் சுற்றியுள்ள விளிம்பில்தான் அழுக்கு தேங்கும் என்பதால் அங்கே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். சன்ஸ்கிரீன் தண்ணீருக்கு அசையாது. அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துளி துணியில் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் உங்கள் மாடலின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு. தோல் ஸ்ட்ராப்பில் அது படக் கூடாது. நகத்தால் சுரண்டுவதும் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். கீறல் விழுந்தால் ஒளி கண்டபடி சிதறும், அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

துடைத்த பிறகும் கண்ணாடிக்கு உள்பக்கமாக மூடுபனி மாதிரி தெரிந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது, அது சர்வீஸ் சென்டர் வேலை. பின்மூடி ஒரு ஓரத்தில் எழும்பி இடைவெளி தெரிந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அந்த வாட்ச்சைச் சார்ஜ் போடாதீர்கள், கையில் கட்டாதீர்கள்.

தோலும் ஸ்ட்ராப்பும்

வாட்ச் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு தெரிகிறதல்லவா? பலர் வாட்ச்சைச் சரியாக அதன்மேலேயே அல்லது அதற்கும் கீழே, உள்ளங்கைப் பக்கமாகக் கட்டுகிறோம். சாதாரண வாட்ச்சுக்கு அதுதான் அழகு. ஆனால் இந்த வாட்ச்சின் அடிப்பாகம் எலும்புமேல் உட்கார்ந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் காற்று புகும். எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் மேலே தள்ளிக் கட்டுங்கள். ஓடும்போதும் ஜிம்மிலும் இரண்டு மூன்று விரல் அகலம் தள்ளினால் இன்னும் நல்லது. அங்கே சதை இருக்கிறது, வாட்ச் பதிந்து உட்காரும்.

கையில் கயிறு கட்டியிருந்தால் அதையும் கவனியுங்கள். வாட்ச்சுக்கு அடியில் நழுவி வரும் ஒரு மெல்லிய சிவப்புக் கயிறே ஒரு ஓரத்தைத் தூக்கிவிடப் போதும். அவிழ்க்க மனமில்லையென்றால் அடுத்த கைக்கு வாட்ச்சை மாற்றிவிடுங்கள், செட்டிங்ஸிலும் எந்தக் கை என்பதை மாற்றுங்கள்.

இறுக்கம் எவ்வளவு? கையைக் குலுக்கினால் தோலும் வாட்ச்சும் ஒன்றாக நகர வேண்டும். வாட்ச் மட்டும் தனியாக வழுக்கினால் லூஸ். இருட்டில் ஓரத்தில் பச்சை வெளிச்சம் கசிந்தாலும் லூஸ்தான், ஏனென்றால் உள்ளே இருப்பது வெளியே வருகிற வழியாக வெளியே இருக்கும் வெயிலும் உள்ளே போகும். அதற்காக இறுக்கிக் கட்டிவிடவும் கூடாது. கழற்றிய பிறகு அரை மணி நேரம் போகாத ஆழமான தடம், விரல்களில் மரத்துப்போன உணர்வு இருந்தால் அது அதிகம். அப்படி அழுத்தினால் தோலுக்கடியில் உள்ள ரத்தமே பிதுங்கி விலகிவிடும். அளக்க வேண்டிய ரத்தத்தை நாமே விரட்டிவிட்டு, வாட்ச் 0 காட்டுகிறதே என்றால் எப்படி?

துளைகள் உள்ள ஸ்ட்ராப்பில் ஒரு துளை லூசாகவும் அடுத்தது இறுக்கமாகவும் இருப்பது பலருக்கும் நடப்பது. அவர்களுக்கு வெல்க்ரோ அல்லது எலாஸ்டிக் துணி ஸ்ட்ராப் கைகொடுக்கும். உலோகச் சங்கிலி ஸ்ட்ராப் பார்க்கக் கம்பீரம், உடற்பயிற்சிக்குச் சரிப்படாது. அதன் எடையே வாட்ச்சைக் கீழே இழுக்கும். மெல்லிய மணிக்கட்டில் பெரிய டயல் வாட்ச் கட்டுபவர்களுக்கு ஸ்ட்ராப் மாற்றினாலும் முழுசாகத் தீராது. அடிப்பாகம் மணிக்கட்டைவிட அகலமாக இருந்தால் இரண்டு ஓரமும் அந்தரத்தில்தான் நிற்கும். வாங்கும் முன் கடையில் கட்டிப் பார்க்க இது ஒரு நல்ல காரணம்.

வாட்ச்சில் எந்தத் தப்பும் இல்லாமலும் 0 வரும். அதிகபட்ச ஏசியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து கை சில்லிட்டுப்போனால், உடல் சூட்டைக் காக்கத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. அப்போது அளக்க அங்கே பெரிதாக ரத்தம் இல்லை. மதிய மீட்டிங்கில் 0 வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி அளந்தால் எண் வந்துவிடும். மணிக்கட்டில் அடர்த்தியான டாட்டூ இருந்தாலும் மை ஒளியைத் தின்றுவிடும். அங்கே தீர்வு ஒன்றுதான்: டாட்டூ இல்லாத கை.

"நம்ம தோல் நிறம்தான் காரணமா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கேள்வி நியாயமானது, ஏனென்றால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு தோல் நிறம் கொண்ட 53 பேரிடம் பல வாட்ச்களைக் கட்டிச் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயத்துடிப்பின் துல்லியத்தில் தோல் நிறத்தால் புள்ளியியல்ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பெரிய வேறுபாட்டை உண்டாக்கியவை வாட்ச்சின் மாடலும் அசைவும்தான். ஓய்வில் இருந்தபோது வந்த பிழையைவிட உடல் அசைவின்போது வந்த பிழை சராசரியாக 30% கூடுதல். 53 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதனால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் வாட்ச் தாறுமாறாகக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிறத்தை அல்ல, அசைவை.

174 எங்கிருந்து வந்தது?

பெங்களூருவில் இருக்கும் என் தோழி ஒருவர் காலையில் கப்பன் பார்க்கில் ஓடுபவர். சில மாதங்களாக அவருக்கு ஒரே கவலை. மூச்சு வாங்காமல், பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்கூட வாட்ச் 165-ஐத் தாண்டிக் காட்டியது. செயலி அதைப் பார்த்துவிட்டு, இது கடும் பயிற்சி, இரண்டு நாள் ஓய்வெடுங்கள் என்றது. அவரும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் அனுப்பிய ஓட்டப் பதிவில் இரண்டு வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்று இதயத்துடிப்பு, இன்னொன்று கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை காலடி. கேடன்ஸ் 168. இதயத்துடிப்பு 166-க்கும் 169-க்கும் நடுவில். ஓட ஆரம்பித்த நான்காவது நிமிடம் தொட்டு இருபது நிமிடத்துக்கு இரண்டு கோடும் ஒட்டிப்பிறந்த மாதிரி ஒன்றாகவே போயின.

இதற்கு ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கேடன்ஸ் லாக். ஒவ்வொரு காலடி தரையில் படும்போதும் கை ஒருமுறை அதிர்கிறது, வாட்ச் தோல்மேல் ஒருமுறை குதிக்கிறது, ஜன்னலுக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறுகிறது, திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றம் ரத்தத்தால் வரும் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரிது, அதோடு கடிகாரம் மாதிரி சீரானது. வாட்ச்சுக்குள் இருக்கும் மென்பொருள் தேடுவதும் சீரான ஒரு தாளத்தைத்தான். அசைவை அளக்கும் தனி சென்சாரை வைத்து அது அசைவின் பங்கைக் கழிக்கப் பார்க்கும். ஆனால் காலடியின் தாளமும் இதயத்துடிப்பு இருக்கக்கூடிய எல்லையும் ஒன்றோடொன்று கலக்கும்போது, பலமாகக் கேட்கும் தாளத்தையே பிடித்துக்கொண்டுவிடும்.

ஆனால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதாலேயே லாக் என்று முடிவுகட்டவும் முடியாது. வேகமாக ஓடும்போது உண்மையிலேயே இதயம் 168 துடிக்கலாம். அதனால் அடுத்த ஞாயிறு அவர் ஒரு சின்ன சோதனை செய்தார். ஓட்டக்குழுவில் ஒருவரிடம் மார்பில் கட்டும் பட்டையைக் கடன் வாங்கினார். அது ஒளியால் அளப்பதில்லை, இதயத்தின் மின்துடிப்பைத் தோலில் இருந்தே எடுக்கிறது, கை ஆடுவதால் குழம்பாது. பட்டையின் உள்பக்க எலக்ட்ரோடுகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினார். காய்ந்த பட்டையும் முதல் சில நிமிடம் தாறுமாறாகத்தான் காட்டும், அதை மறந்துவிடக் கூடாது.

பத்து நிமிடம் ஓடியபின் வாட்ச் 168, பட்டை 138. சிக்னலில் நின்றார். வாட்ச் மூன்று நான்கு நொடியில் 168-இலிருந்து 137-க்கு விழுந்தது. பட்டை 138-இலிருந்து மெல்ல இறங்கி, நின்ற ஒரு நிமிடத்தில் 115-ஐத் தொட்டது. இதயம் மாடிப்படி இறங்குகிற மாதிரிதான் குறையும், அதற்கு நேரம் பிடிக்கும். நின்ற மறுகணம் 30 துடிப்பு காணாமல் போனால், அந்த 30 இதயத்தில் இருந்தவை இல்லை.

மார்புப் பட்டை இல்லாமலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஓடும்போதோ வேகமாக நடக்கும்போதோ எண் சந்தேகமாக இருந்தால் சட்டென்று நின்று, இருபது நொடி வாட்ச்சைக் கட்டிய கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு எண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். படிப்படியாக இறங்கினால் நம்பலாம். பொத்தென்று விழுந்தால் நீங்கள் அதுவரை பார்த்தது உங்கள் காலடி.

தோழியின் வாட்ச்சில் கோளாறு எதுவும் இல்லை. ஜன்னலில் தினமும் காலை கையில் தடவும் சன்ஸ்கிரீனின் படலம் இருந்தது. வாட்ச் எலும்புமேல் இருந்தது. துடைத்துவிட்டு, இரண்டு விரல் மேலே தள்ளி, ஒரு துளை இறுக்கி, கிளம்புமுன் ஐந்து நிமிடம் நடந்து கையைச் சூடாக்கிக்கொண்டு ஓடியபோது பட்டைக்கும் வாட்ச்சுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் மூன்று நான்கு துடிப்புக்குள் வந்துவிட்டது. சன்ஸ்கிரீனை விட்டுவிடவில்லை, வாட்ச் உட்காரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தடவுகிறார்.

ஆனால் எல்லாமே சரியாகிவிடவில்லை. முப்பது நொடி வேகம், முப்பது நொடி மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடினால் வாட்ச் எப்போதும் பட்டைக்குப் பின்னால்தான் ஓடிவருகிறது. அது பல நொடி அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால் வரும் தாமதம், எந்த ஸ்ட்ராப்பாலும் தீராது. ஜிம்மில் புஷ்-அப்பும் கெட்டில்பெல்லும் செய்யும்போது மணிக்கட்டு மடங்கி வாட்ச்சைத் தூக்குவதால் இப்போதும் இரண்டு கோடுதான் வருகிறது. எடைப் பயிற்சி நேரத்தில் மணிக்கட்டு எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

0 உங்கள் சராசரியைக் கெடுக்கும்

இது டேட்டாவோடு மாரடிப்பவர்களுக்கான ஒரு குறுக்குக் குறிப்பு. வாட்ச்சின் பதிவுகளை ஏற்றுமதி செய்து ஷீட்டில் போட்டுப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் 0-க்களைக் கவனியுங்கள். அங்கே 0 என்பது "அளக்க முடியவில்லை" என்று பொருள்படும் வெற்றிடம், துடிப்பு இல்லை என்பதல்ல. ஷீட்டுக்கு அது தெரியாது. பத்து அளவீட்டில் எட்டு 120, இரண்டு 0 என்றால் சராசரி 96 வரும். உண்மையில் அது 120. இதயத்துடிப்பு B பத்தியில் இருக்கிறது என்றால் இப்படி எழுதுங்கள்:

```
=AVERAGEIF(B2:B601,">0")
```

கேடன்ஸ் லாக்கான நிமிடங்களை இப்படிக் கழிக்க முடியாது, அவை பார்க்க நல்ல எண்களாகவே இருக்கும். அவற்றை மேலே சொன்ன மாதிரி கேடன்ஸ் பத்தியோடு ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அப்போ எப்போது நம்புவது?

துடைத்தாயிற்று, ஸ்ட்ராப் சரி, கை சூடாக இருக்கிறது, ஐந்து நிமிடமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போதும் வாட்ச் 140 என்கிறது. இப்போது வாட்ச்சை விட்டுவிட்டு விரலை நம்புங்கள்.

உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக அடுத்த கையின் ஆள்காட்டி, நடு விரல்களை வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் குழப்பும். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் சீராக இல்லாமல் தடுக்கித் தடுக்கி வந்தால் முழு 60 நொடியும் எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை வழக்கமானது, நன்றாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

விரல் 74 சொல்கிறது, வாட்ச் 140 சொல்கிறது, தாளம் சீராக இருக்கிறது, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் வாட்ச்தான் தப்பு. விரலும் 140 சொன்னால் வாட்ச் சரி. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற தாளக் கோளாறுகளில் இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும். அவற்றில் சில துடிப்புகள் பலவீனமாக இருப்பதால் மணிக்கட்டுவரை அலையாக வந்து சேர்வதே இல்லை. அப்போது விரலும் குறைவாக எண்ணும், வாட்ச்சும் குறைவாகவோ 0 என்றோ ஏறுக்குமாறாகவோ காட்டும். ஆக, தாறுமாறான எண்ணுக்குப் பின்னால் தாறுமாறான துடிப்பே இருக்கலாம். ஓய்வில், சுத்தமான ஜன்னலோடு, சரியான ஸ்ட்ராப்போடு, நாள் மாற்றி நாள் எண் குதித்துக்கொண்டே இருந்தால், கூடவே விரலுக்கும் தாளம் தப்புவது தெரிந்தால், இசிஜி எடுத்துப் பார்ப்பதுதான் வழி. வாட்ச்சை மாற்றிப் பிரயோஜனமில்லை.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், கண் இருட்டுவது இவற்றில் எது இருந்தாலும் ஜன்னல் துடைக்கும் வேலையே வேண்டாம். வாட்ச் 72 என்று அழகாகக் காட்டினாலும் சரி, 112-க்கோ 108-க்கோ போன் செய்யுங்கள். மாரடைப்பின்போது துடிப்பின் எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கலாம். பச்சை விளக்கால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்

கோளாறு வாட்ச்சிலா மணிக்கட்டிலா என்று பிரிக்க ஒரு எளிய வழி: ஆளை மாற்றுங்கள். உங்கள் வாட்ச்சை ரூம்மேட் கையில் கட்டுங்கள், அவருடையதை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். இருவரும் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உங்கள் வாட்ச் அவர் கையிலும் 0 காட்டினால் சென்சார் போயிருக்கிறது. அவர் கையில் ஒழுங்காக ஓடி, அவருடைய வாட்ச் உங்கள் கையில் தடுமாறினால் பிரச்சினை ஸ்ட்ராப், இடம், தோல் இவற்றில் ஒன்று.

டவலைச் சுருட்டி அதில் வாட்ச்சைக் கட்டிப் பார்க்கும் வீடியோக்களை நீங்கள் பார்த்திருக்கலாம். டவலுக்கும் 80 என்று எண் வரும், "பாருங்க, மோசடி!" என்பார்கள். உயிரில்லாத பொருளிலிருந்தும் ஒளி திரும்பி வரும், மென்பொருள் அந்த இரைச்சலுக்குள்ளும் ஒரு தாளத்தைத் தேடும், சில மாடல்கள் கிடைத்ததைக் காட்டிவிடும். இதனால் உங்கள் கையில் வரும் எண் பொய்யாகிவிடாது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்: அந்த மாடல் "தெரியவில்லை" என்று சொல்லத் தயங்கும் ரகம். இரண்டு கோடு காட்டிவிட்டுச் சும்மா இருக்கும் வாட்ச்சைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

சர்வீஸ் சென்டரில் "எங்களிடம் சரியாகத்தான் காட்டுகிறது" என்று திருப்பி அனுப்பாமல் இருக்க, ஓய்வில் எடுத்த மூன்று ஸ்கிரீன்ஷாட், அதே நேரத்தில் விரலால் எண்ணிய கணக்கு, ஆள் மாற்றிப் பார்த்த முடிவு இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஓடும்போது எடுத்த பதிவைக் காட்டாதீர்கள், அதை அசைவின்மேல் பழி போட்டு உடனே தள்ளிவிடுவார்கள்.